லாகின் பக்கம் வழிவிடாதபோது: ஸ்கிரீன் ரீடரிலும் குரல் கட்டுப்பாட்டிலும் உள்ளே போகும் வழிகள்

போன வருடம் ஒரு சேவைத் தளத்தின் லாகின் பக்கத்தில் நாற்பது நிமிடம் நின்றேன். என் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் எதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் என் ஸ்கிரீன் ரீடரால் சொல்ல முடியவில்லை. கைகளுக்குப் பதிலாகக் குரலால் கணினியை இயக்கும் நண்பர் ஒருவர் அதே வாரத்தில் அதே பக்கத்தில் மாட்டிக்கொண்டார். நான் தடுமாறிய இடத்தை அவர் எளிதாகக் கடந்தார். நான் கடந்துபோன இடத்தில் அவர் நின்றுவிட்டார். இருவரும் சேர்ந்து ஒவ்வொரு தடையாகப் பிரித்துப் பார்த்ததில் கற்றதுதான் இந்த வழிகாட்டி.

அந்தப் பக்கத்தையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். "உள்நுழை" என்ற இணைப்பை அழுத்தினால் அதே பக்கத்தின் மேல் ஒரு சிறு பெட்டகம் திறக்கும். அதில் முதலில் மின்னஞ்சல், "தொடர்க" என்று ஒரு பட்டன், பிறகு பாஸ்வேர்டு, அடுத்து படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கேப்சா, கடைசியில் ஆறு சிறு கட்டங்களில் ஓடிபி. இணையத்தில் பல லாகின் பக்கங்கள் கிட்டத்தட்ட இந்த வரிசையில்தான் இருக்கின்றன.

சாவிகளை விண்டோஸில் இயங்கும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடருக்குத் தருகிறேன். அது இலவசம், யாரும் இறக்கிப் பயன்படுத்தலாம். `Insert` என்று வரும் இடத்தில், நீங்கள் அமைப்பை மாற்றியிருந்தால் `Caps Lock` என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜாஸ் என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடரைப் பயன்படுத்துகிறவர்கள் படிவப் பெட்டிகளின் பட்டியலுக்கு `Insert+F5`, பக்கத்தைப் புதிதாக வாசிக்க வைக்க `Insert+Esc` அழுத்த வேண்டும்.

முதலில் தடை எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

பக்கம் பதில் சொல்லாதபோது நாம் எல்லோரும் செய்வது டேப் சாவியைத் திரும்பத் திரும்பத் தட்டுவது. நானும் அப்படித்தான் இருபது நிமிடத்தைத் தொலைத்தேன். டேப் மட்டும் போதாது. ஒரே இடத்தை டேப் சாவியால் ஒரு தடவையும் கீழ் அம்புக்குறியால் ஒரு தடவையும் கடந்து பாருங்கள். இரண்டுக்கும் வருகிற பதில் வேறுபட்டால், அந்த வேறுபாடே காரணத்தைச் சொல்லிவிடும்.

அம்புக்குறியில் "தொடர்க" என்ற சொல் கேட்கிறது, டேப் அதைத் தாண்டிப் போய்விடுகிறது என்றால், அது உண்மையான பட்டன் இல்லை. வெறும் எழுத்துக்குப் பட்டன் மாதிரி வண்ணம் பூசி, மவுஸ் கிளிக்குக்கு மட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள். பட்டன் என்பதற்குப் பதிலாக `clickable` என்று என்விடிஏ சொன்னால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக, டேப் ஏதோ ஓரிடத்தில் நிற்கிறது, ஆனால் பெயர் எதுவும் கேட்கவில்லை, அம்புக்குறியில் அந்த இடமே இல்லை என்றால், பக்கத்தை எழுதியவர் அந்தப் பகுதியை ஸ்கிரீன் ரீடரிடமிருந்து மறைத்துவிட்டார். பின்னணியை மறைக்க வேண்டிய `aria-hidden` என்ற குறிப்பைத் தவறுதலாக லாகின் பெட்டகத்தின் மேலேயே போட்டுவிடுவது இதற்கு அடிக்கடி நேரும் காரணம். பெட்டி அங்கே இருக்கிறது, தட்டச்சையும் வாங்கிக்கொள்ளும். நமக்குத்தான் சொல்லப்படவில்லை.

டேப்பும் போகவில்லை, அம்புக்குறியும் போகவில்லை என்றால் மூன்று சாத்தியங்கள். பெட்டகம் இன்னும் ஏற்றப்படவில்லை, அல்லது பக்கத்தின் கடைசியில் இருக்கிறது, அல்லது முழுவதும் படமாக வரையப்பட்டிருக்கிறது. முதல் இரண்டையும் சரிபார்ப்பது சுலபம். `Insert+F5` அழுத்தினால் என்விடிஏ பக்கத்தைப் புதிதாக வாசித்துக்கொள்ளும். பிறகு `Ctrl+End` அழுத்திப் பக்கத்தின் அடிக்குப் போய், அங்கிருந்து `Shift+E` அழுத்தி மேல்நோக்கித் தேடுங்கள். திரையின் நடுவில் தெரிகிற பெட்டகம் நிரல் வரிசையில் கடைசியில் இருப்பது மிகச் சாதாரணம். எங்கள் உதாரணப் பக்கத்தில் என் முதல் இருபது நிமிடத்துக்கு இதுதான் காரணம். பெட்டகம் திறந்திருந்தது, நான் இன்னும் பின்னால் இருந்த பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

பெயர் இல்லாத பெட்டிகள்

`Insert+F7` அழுத்தினால் பக்கத்தின் உறுப்புகளின் பட்டியல் வரும். அதில் படிவப் பெட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் வந்தன: ஒன்று தேடல், இன்னொன்றுக்குப் பெயரே இல்லை. பெயரில்லாதது எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. பட்டியலில் இருந்து அதற்குப் போய், அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று மேல் அம்புக்குறியால் ஓரிரு வரி படித்தால் போதும். பார்வையுள்ளவர்களுக்காக எழுதிய "மின்னஞ்சல்" என்ற சொல் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். பெட்டியோடு இணைக்கப்படாமல் இருப்பதுதான் குறை. பாஸ்வேர்டுப் பெட்டி என்றால் பெயர் இல்லாவிட்டாலும், அது பாதுகாக்கப்பட்டது என்று என்விடிஏ தனியாகச் சொல்லிவிடும்.

பாஸ்வேர்டு தட்டும் முன் ஒரு சின்ன சோதனை. மின்னஞ்சல் பெட்டியில் நாலு எழுத்துத் தட்டிக் கேளுங்கள், பிறகு அழித்துவிடுங்கள். தமிழ் விசைப்பலகை அமைப்பு ஓடிக்கொண்டிருந்தாலோ, `Caps Lock` சாவியை இரண்டு தடவை வேகமாக அழுத்தியதில் பெரிய எழுத்து ஆகியிருந்தாலோ அங்கேயே தெரிந்துவிடும். பாஸ்வேர்டுப் பெட்டியில் நமக்கு நட்சத்திரம்தான் கேட்கும், எழுத்து கேட்காது. சரியான பாஸ்வேர்டைத் தவறாக மூன்று தடவை போட்டுக் கணக்குப் பூட்டிக்கொள்வது இந்த வழியில்தான் நடக்கிறது.

பாஸ்வேர்டுப் பெட்டி எந்த வழியிலும் கிடைக்காவிட்டால், கவனத்தை நேராக அதற்குக் கொண்டுபோக ஒரு வரி போதும். பிரவுசரில் ஏதாவது ஒரு பக்கத்தைப் புக்மார்க் செய்து, அந்தப் புக்மார்க்கைத் திருத்தி, முகவரி இருக்கும் இடத்தில் இதை ஒட்டுங்கள்:

```
javascript:void(document.querySelector('input[type=password]').focus())
```

லாகின் பக்கத்தில் இருக்கும்போது அந்தப் புக்மார்க்கை இயக்கினால், பக்கத்தின் முதல் பாஸ்வேர்டுப் பெட்டிக்குக் கவனம் தாவும். தட்டுவதைப் பெட்டிக்கே அனுப்பும் ஃபோகஸ் மோடுக்கு என்விடிஏ தானாக மாறாவிட்டால் `Insert+Space` அழுத்திவிட்டுத் தட்டலாம். முகவரிப் பட்டையில் நேராக ஒட்டினால் வேலை செய்யாது, முன்னாலிருக்கும் `javascript:` என்ற சொல்லைப் பிரவுசர் வெட்டிவிடும். லாகின் பகுதி வேறொரு தளத்திலிருந்து வந்து பக்கத்துக்குள் பதிந்திருக்கும் சட்டகத்துக்குள் இருந்தாலும் இது எட்டாது. இந்த வரி கவனத்தை நகர்த்துவதைத் தவிர வேறெதுவும் செய்யாது என்பதைப் படித்தே பார்க்கலாம். இதே மாதிரி நீளமான வரிகளை யாராவது அனுப்பினால், என்னவென்று புரியாமல் லாகின் பக்கத்தில் ஓட்டாதீர்கள். பாஸ்வேர்டைத் திருடவும் இதே வழிதான்.

அழுத்த முடியாத பட்டன்

மின்னஞ்சல் போட்ட பிறகு `Enter` அழுத்தினேன், அடுத்த கட்டம் வந்தது. பாஸ்வேர்டு போட்டு `Enter` அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. முதலில் வேலை செய்தது இரண்டாவதில் ஏன் செய்யவில்லை என்று குழம்பினேன். காரணம் எச்டிஎம்எல் விதியிலேயே இருக்கிறது. படிவத்தில் உண்மையான சமர்ப்பிப்புப் பட்டன் இல்லாதபோது, அதில் எழுதும் பெட்டி ஒன்றே ஒன்று இருந்தால் மட்டும் `Enter` படிவத்தை அனுப்பும். இரண்டு பெட்டிகள் ஆகிவிட்டால் அனுப்பாது. பாஸ்வேர்டுக் கட்டத்தில் மின்னஞ்சல் பெட்டியும் கூடவே இருந்தது. ஆகவே, `Enter` பலிக்காவிட்டால் நம் தட்டச்சில் தவறில்லை. அங்கே உண்மையான பட்டன் இல்லை, அல்லது பட்டன் முடக்கப்பட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

போலிப் பட்டனுக்கு வழி: `Esc` அழுத்தி, பக்கத்தைப் படித்து உலாவும் பிரவுஸ் மோடுக்கு வந்து, அம்புக்குறியால் "தொடர்க" என்ற எழுத்தின் மேல் நின்று `Enter` அழுத்துங்கள். பிரவுஸ் மோடில் என்விடிஏ அந்த இடத்தில் கிளிக் செய்ய முயலும். அதுவும் பலிக்காவிட்டால் மவுஸ் சுட்டியையே அங்கே கொண்டுவரலாம். எண்பலகை உள்ள விசைப்பலகையில் `Insert+எண்பலகை /` சுட்டியை அங்கே நகர்த்தும், பிறகு `எண்பலகை /` இடது கிளிக் செய்யும். மடிக்கணினி அமைப்பில் இவை `Insert+Shift+M`, `Insert+[`. உண்மையான மவுஸ் கிளிக்கை மட்டும் எதிர்பார்க்கும் பக்கங்கள் இதற்குப் பணிந்துவிடும்.

முடக்கப்பட்ட பட்டன் வேறு கதை. பாஸ்வேர்டு மேனேஜர் பெட்டிகளை நிரப்பியிருக்கும், ஆனாலும் பட்டன் விழிக்காது. சில பக்கங்கள் சாவி தட்டப்படுவதைக் கேட்டுத்தான் பட்டனைத் திறக்கும். மேனேஜர் நிரப்பியதை அவை கவனிப்பதில்லை. பெட்டிக்குள் போய் `End` அழுத்தி, ஒரு இடைவெளி தட்டி, உடனே `Backspace` கொடுங்கள். பெரும்பாலும் பட்டன் உயிர் பெற்றுவிடும். மின்னஞ்சல், பாஸ்வேர்டு இரண்டு பெட்டியிலும் இதைச் செய்ய வேண்டியிருக்கலாம்.

முழுப் பகுதியும் படமாக இருந்தால் கடைசி ஆயுதம் எழுத்துணரி. `Insert+R` அழுத்தினால் விண்டோஸின் எழுத்துணரி திரையில் தெரியும் சொற்களைப் படித்துத் தரும். அம்புக்குறியால் உலாவி, வேண்டிய சொல்லின் மேல் `Enter` அழுத்தினால் அங்கே கிளிக் விழும். பெட்டிக்குள் மங்கலாக எழுதியிருக்கும் "பாஸ்வேர்டு" என்ற சொல்லைக் கிளிக் செய்தால் பெட்டியே திறந்துவிடும். இரண்டு விஷயம் கவனியுங்கள். திரைச்சீலை என்ற வசதியால் திரையை இருட்டாக்கி வைத்திருந்தால் முதலில் அதை அணைக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்துணரி இயங்காது. அப்புறம், நீங்கள் நிற்கும் சிறு பொருளை மட்டுமே அது படிக்கும். ஒரே சொல்தான் வந்தது என்றால் பொருள் உலாவலில் அதை உள்ளடக்கிய தாய்ப் பொருளுக்கு ஏறி (`Insert+எண்பலகை 8`) மறுபடி முயலுங்கள்.

குரலால் இயக்குபவர்களுக்கு

பெயரில்லாத பெட்டி நண்பரைத் தடுக்கவில்லை, ஏனென்றால் அவருக்குத் திரை தெரிகிறது. அவரைத் தடுத்தது வேறொன்று. பட்டனில் ஒரு சொல் தெரிகிறது, அதைச் சொல்லி அழுத்தச் சொன்னால் கணினி அசையவில்லை. பட்டனுக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் வேறு பெயர் வைத்திருந்தார்கள். திரையில் "Continue" என்றும் உள்ளே "submit form" என்றும் இருந்தால், `Click Continue` என்ற கட்டளைக்குப் பொருந்தும் பட்டனே இல்லை. வலைத்தள அணுகல் வழிகாட்டுதல்களின் 2018 பதிப்பிலேயே இதற்கென்று ஒரு விதி வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் சொல், உள்ளே வைக்கும் பெயரிலும் இருக்க வேண்டும் என்பதே அது. அடிப்படை நிலை விதி அது, இருந்தும் தினமும் மீறப்படுகிறது.

சொல் பலிக்காதபோது எண்ணுக்குப் போங்கள். `Show numbers` என்று சொன்னால், அழுத்தக்கூடியது என்று கணினி அறிந்த எல்லாவற்றின் மேலும் எண் தோன்றும். விண்டோஸின் வாய்ஸ் ஆக்சஸ், ஆப்பிளின் வாய்ஸ் கன்ட்ரோல், ஆண்ட்ராய்டின் வாய்ஸ் ஆக்சஸ் மூன்றிலும் இந்தக் கட்டளை உண்டு. எண்ணைச் சொல்லி அழுத்தலாம். ஆப்பிளில் `Show names` சொன்னால் உள்ளே வைத்திருக்கும் பெயரே வெளியே தெரியும், அதன் பிறகு அந்தப் பெயரையே சொல்லலாம்.

நாம் மேலே பார்த்த போலிப் பட்டன் இங்கேதான் பழிவாங்கும். அழுத்தக்கூடியது என்று கணினிக்கே தெரியாததால் அதன் மேல் எண்ணே தோன்றாது. அப்போது `Show grid`. திரை எண்ணிட்ட கட்டங்களாகப் பிரியும். விண்டோஸிலும் ஆப்பிளிலும் உங்கள் பட்டன் இருக்கும் கட்டத்தின் எண்ணைச் சொன்னால் அது மேலும் சிறு கட்டங்களாகும். இரண்டு மூன்று தடவை சுருக்கிய பிறகு கணினியில் `Click 5`, ஃபோனில் `Tap 5` என்று முடிக்கலாம். கட்டம் பக்கத்தின் நிரலைப் பார்ப்பதே இல்லை, திரையில் இடத்தை மட்டும் பார்க்கிறது. ஆகவே எவ்வளவு மோசமாக எழுதிய பக்கத்திலும் இது வேலை செய்யும். மெதுவானதுதான், ஆனால் வழி உண்டு.

ஒரே ஒரு இடத்தில் எண்களை நம்பாதீர்கள். சில தளங்கள் பாஸ்வேர்டுக்குத் திரையிலேயே எண் பலகை ஒன்றை, இலக்கங்களைக் கலைத்துப்போட்டு வைத்திருக்கும். அதன் மேல் `Show numbers` சொன்னால் 7 என்ற இலக்கத்தின் மேல் 23 என்ற எண் உட்காரும். எதைச் சொல்கிறோம் என்பது நமக்கும் குழப்பம், கணினிக்கும் குழப்பம். தவறான இலக்கம் விழுந்தாலும் நட்சத்திரம்தான் தெரியும். இங்கே நேராகக் கட்டத்துக்குப் போவதே பாதுகாப்பு. ஸ்கிரீன் ரீடரில் இதே பலகையை எழுத்துணரியால் கடக்கலாம், ஆனால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் இலக்கங்கள் இடம் மாறும் பலகை என்றால் ஒவ்வொரு தடவையும் `Insert+R` மறுபடி அழுத்த வேண்டும்.

பாஸ்வேர்டைச் சொல்லி எழுத வைப்பது பற்றி நண்பர் மிகத் தெளிவாக இருக்கிறார். "நான் வாயால சொன்னா ரூம்ல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே, நானே என் பாஸ்வேர்டை ஒலிபரப்பணுமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். பாஸ்வேர்டு மேனேஜர் நிரப்புவதும், முகத்தைக் காட்டித் திறக்கும் பாஸ்கீயும் குரலால் இயக்குபவர்களுக்கு ரகசியத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் உண்மையான வழி. தளம் ஒட்டுவதைத் தடுத்தால் அது வெறும் அசௌகரியம் இல்லை, அவர்களுடைய ரகசியத்தையே பறிக்கிறது.

கேப்சா

படக் கேப்சாவை நாம் தீர்க்க முடியாது, தீர்க்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். கேப்சாவின் சட்டகத்துக்குள் ஒலிக்கு மாற்றும் பட்டன் இருக்கிறதா என்று `B` சாவியால் தேடுங்கள். ரீகேப்சாவில் அது உண்டு. ஒலி ஓடும்போது ஸ்கிரீன் ரீடரும் பேசினால் இரண்டும் கலந்துவிடும். முதலில் பதில் எழுதும் பெட்டி எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஒலியை ஓடவிட்டு, `Ctrl` தட்டி ஸ்கிரீன் ரீடரை அடக்கிவிட்டுக் கேளுங்கள். கேட்டதை உடனே தட்டுங்கள், கடைசிவரை காத்திருந்தால் மறந்துவிடும்.

ஒலியையே பல தடவை கேட்டால் தானியங்கி என்று சந்தேகித்து அது மறுத்துவிடுவதும் உண்டு. அப்போது அதே இடத்தில் முட்டாமல், கொஞ்ச நேரம் விட்டு வேறு பிரவுசரில், அல்லது ஃபோனில் வேறு இணைய இணைப்பில் முயல வேண்டும். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிட்டுப் பாருங்கள். எச்கேப்சா என்று பெயர் தெரிந்தால், அவர்கள் தளத்தில் அணுகல் தேவையுள்ளவர்களுக்கென்று மின்னஞ்சலில் பதிவு செய்யும் வசதி வைத்திருக்கிறார்கள். பதிவு செய்தால் பிரவுசரில் ஒரு குக்கீ அமர்ந்து கேள்வியைத் தாண்ட உதவும். மூன்றாம் தரப்புக் குக்கீகளைப் பிரவுசர் தடுத்திருந்தால் அது பலிக்காது, அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்க வேண்டும்.

பார்வையும் செவியும் சேர்ந்து குறைந்தவர்களுக்கு ஒலியும் உதவாது. அவர்களுக்குக் கேப்சாவைச் சுற்றிப் போவதுதான் வழி. சேவையின் செயலி, வேறு கணக்கின் மூலம் நுழைதல், பாஸ்கீ ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். அவற்றில் கேப்சா பல சமயம் வருவதில்லை.

ஆறு கட்ட ஓடிபி

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு இலக்கம் போட்டவுடன் கவனம் அடுத்ததற்குத் தாவும். ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொரு தாவலையும் அறிவிக்கும், அந்தப் பேச்சில் நாம் எந்த இலக்கத்தில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும். குரலால் எழுதுகிறவர்களுக்கு ஆறு இலக்கமும் முதல் கட்டத்தில் விழுந்து, ஒன்று மட்டும் மிஞ்சும்.

இங்கே தட்டாதீர்கள், ஒட்டுங்கள். செய்தியிலிருந்து ஆறு இலக்கத்தையும் நகலெடுத்து முதல் கட்டத்தில் ஒட்டினால், ஒழுங்காக எழுதிய பக்கங்களில் ஆறும் நிரம்பிவிடும். நிரம்பாவிட்டால் தட்டித்தான் ஆக வேண்டும். அப்போது ஆறையும் தட்டி முடிக்கும்வரை பேச்சைக் கவனிக்காமல், முடித்த பிறகு `Shift+Tab` அழுத்திக்கொண்டே பின்னால் வந்து ஒவ்வொன்றையும் கேட்டுச் சரிபாருங்கள். ஃபோனில் லாகின் செய்தால் விசைப்பலகையே குறியீட்டைப் பரிந்துரைக்கும், ஒரே தட்டில் வேலை முடியும்.

நேரம் போதவில்லை என்றால் குறுஞ்செய்தியை விட்டு ஆத்தன்டிகேட்டர் செயலிக்கு மாறுங்கள். அதன் குறியீடு வழக்கமாக 30 வினாடிக்கு ஒரு தடவை மாறும். பழையது முடியும் தருவாயில் நகலெடுக்காமல், புதியது வந்தவுடன் எடுத்தால் முழு அவகாசம் கிடைக்கும். சில பாஸ்வேர்டு மேனேஜர்கள் இந்தக் குறியீட்டையும் தாங்களே உருவாக்கி நிரப்பிவிடும். அதில் பாஸ்வேர்டும் குறியீடும் ஒரே இடத்தில் இருப்பதால் பாதுகாப்பு கொஞ்சம் குறைகிறது. ஆனாலும் வேறு வழியில் உள்ளே போக முடியாதவருக்கு அது ஏற்கத்தக்க விலை என்றே நினைக்கிறேன்.

உள்ளே போய்விட்டோமா என்று அறிவது

அனுப்பிய பிறகு மௌனம் என்றால் உடனே மறுபடி அனுப்பாதீர்கள். `Insert+T` அழுத்திப் பக்கத் தலைப்பு மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். `Insert+F7` பட்டியலில் வெளியேறும் இணைப்பு இருந்தால் உள்ளே வந்துவிட்டீர்கள். இரண்டும் இல்லையென்றால் `Insert+Ctrl+F` அழுத்தி "தவறு", "invalid", "incorrect" போன்ற சொற்களைத் தேடுங்கள். பிழைச் செய்தியைச் சிவப்பில் காட்டிவிட்டு ஸ்கிரீன் ரீடரிடம் சொல்லாமல் விடும் பக்கங்கள் நிறைய. செய்தியைக் கண்டுபிடிக்காமல் நாலைந்து தடவை முயன்றால் கணக்குப் பூட்டப்படலாம்.

எதுவும் பலிக்காவிட்டால்

வேறு பிரவுசர், பிறகு ஃபோனில் அதே சேவையின் செயலி, பிறகு "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்ற இணைப்பு. மூன்றாவது பலருக்குத் தோன்றுவதில்லை. பாஸ்வேர்டு நினைவில் இருந்தாலும் அந்த வழியில் போகலாம். மின்னஞ்சலில் வரும் இணைப்பு வேறொரு பக்கத்தைத் திறக்கும், அந்தப் பக்கம் லாகின் பக்கத்தை விட எளிமையாக இருப்பது வழக்கம். சில தளங்கள் புதிய பாஸ்வேர்டு வைத்தவுடன் நேராக உள்ளேயே விட்டுவிடும்.

பார்வையுள்ள ஒருவரின் உதவி வேண்டியிருந்தால், அவர் கையில் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். முதலில் மேனேஜரால் பாஸ்வேர்டை நிரப்பிவிட்டு, பிறகு கூப்பிட்டுப் பட்டன் எங்கே, படம் என்ன என்று மட்டும் கேளுங்கள். நம்பும் நண்பரிடமும் என்விடிஏ இருந்தால், 2025.1 பதிப்பிலிருந்து தொலைவிலிருந்து இணையும் வசதி அதிலேயே உண்டு. ஆனால் இணைந்தவர் உங்கள் கணினியையே இயக்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள். தெரியாத தன்னார்வலர் கேமராவில் உதவுகிறார் என்றால் ஓடிபி வரும் ஃபோனை அந்தக் கேமராவுக்கு முன் கொண்டுவராதீர்கள்.

உள்ளே போனவுடன், வெளியே வருமுன், கணக்கின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து இரண்டு காரியம் செய்யுங்கள். பாஸ்கீ வசதி இருந்தால் அதே கணினியில் ஒன்றை உருவாக்குங்கள். அடுத்த தடவை பக்கத்தின் பாஸ்வேர்டுப் பெட்டியோடு நீங்கள் போராட வேண்டாம். கேட்பது உங்கள் கணினியின் சொந்தச் சாளரம், அதை ஸ்கிரீன் ரீடர் நன்றாகவே படிக்கும், விரல் ரேகையோ முகமோ பின் எண்ணோ போதும். ஃபோனில் வைத்த பாஸ்கீயால் கணினியில் நுழைய நினைத்தால் மட்டும் கியூஆர் குறியீட்டுக்கு நேராகக் கேமராவைப் பிடிக்க வேண்டிவரும், அது நமக்குப் புதுத் தடை. இரண்டாவது, ஓடிபி கிடைக்காதபோது உதவும் மாற்றுக் குறியீடுகளை எடுத்துப் படமாக அல்லாமல் எழுத்தாகப் பாஸ்வேர்டு மேனேஜரில் சேமியுங்கள்.

தளத்துக்கு எழுதுவது

"உங்கள் தளம் எனக்கு வேலை செய்யவில்லை" என்று எழுதினால் பிரவுசரை மாற்றிப் பாருங்கள் என்று பதில் வரும். எந்தப் பக்கம், எந்தப் பெட்டி, எந்த ஸ்கிரீன் ரீடர், எந்தப் பிரவுசர், நான் என்ன அழுத்தினேன், என்ன கேட்டது என்று எழுதினால் நிரல் எழுதுபவரின் மேசைக்குப் போகும். நாங்கள் இருவரும் சேர்ந்து அனுப்பியதில் இப்படி இருந்தது: "பாஸ்வேர்டுக் கட்டத்தில் 'தொடர்க' என்பதற்கு டேப் சாவி போவதில்லை, `Enter` படிவத்தை அனுப்புவதில்லை. குரல் கட்டுப்பாட்டில் அதன் மேல் எண் தோன்றுவதில்லை. அது உண்மையான பட்டனாக இருந்தால் மூன்றும் ஒரே சமயத்தில் சரியாகும்." கீழே அவர்கள் செய்ய வேண்டியதையும் ஒட்டினோம்:

```
<label for="pw">கடவுச்சொல்</label>
<input id="pw" type="password" autocomplete="current-password">
<button type="submit">தொடர்க</button>
```

கேப்சா பற்றியும், ஒட்டுவதைத் தடுப்பது பற்றியும் எழுதும்போது 2023 அக்டோபரில் வெளியான அணுகல் வழிகாட்டுதல்கள் 2.2இன் 3.3.8ஆம் விதியைக் குறிப்பிடுங்கள். லாகினுக்காக நினைவிலிருந்து எடுக்கவோ, பார்த்துப் படியெடுக்கவோ, புதிர் விடுவிக்கவோ கட்டாயப்படுத்தினால் வேறொரு வழியும் தர வேண்டும் அல்லது பாஸ்வேர்டு மேனேஜர் போன்ற உதவியை அனுமதிக்க வேண்டும் என்கிறது அது. பொருள்களின் படங்களை அடையாளம் காட்டச் சொல்வதை அந்த நிலையில் அது விலக்கி வைக்கிறது என்பதால், படக் கேப்சாவுக்கு எதிராக 1.1.1ஆம் விதியையும் சேர்த்து எழுதுங்கள். கேப்சா ஒரு புலனை மட்டும் நம்பக்கூடாது என்பது அங்கேதான் இருக்கிறது. தளத்தின் அடிப்பகுதியில் அணுகல் பற்றிய பக்கம் இருந்தால் அங்கே கொடுத்திருக்கும் முகவரிக்கு அனுப்புங்கள், பொது உதவி மையத்தை விட அங்கே நிரலைப் புரிந்தவர் படிக்க வாய்ப்பு அதிகம்.